வங்கி பணத்தை எப்படி உருவாக்குகிறது, பணப் பெருக்கி ஏன் மிகையாகச் சொல்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்ட வகுப்பு மாணவர்களுக்கும் வங்கித் தேர்வு எழுதுபவர்களுக்கும் பல ஆண்டுகளாகப் பணவியல் பாடம் எடுத்து வருகிறேன். ஆண்டுதோறும் மாணவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் இந்திய வங்கித் துறையைச் சேர்ந்தவை. தொகைகளை முழுமைப்படுத்தித் தந்திருக்கிறேன்.

நான் போட்ட டெபாசிட்டை எடுத்துத்தானே வங்கி இன்னொருத்தருக்குக் கடன் கொடுக்குது? இதுல புதுப் பணம் எங்க வந்தது?

கடன் வழங்கப்படும் நாளில் வங்கியின் கணக்கேட்டில் என்ன எழுதப்படுகிறது என்பதைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஒருவருக்கு 10 லட்சம் ரூபாய் கடன் அனுமதிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கி இரண்டு பதிவுகளைச் செய்கிறது. கடன் கணக்கில் அவர் 10 லட்சம் தர வேண்டியவர் என்று எழுதுகிறது, அது வங்கியின் சொத்து. அவருடைய சேமிப்புக் கணக்கில் 10 லட்சத்தை வரவு வைக்கிறது, அது வங்கியின் பொறுப்பு. வேறு யாருடைய கணக்கிலிருந்தும் ஒரு ரூபாய்கூடக் கழிக்கப்படவில்லை. உங்கள் பாஸ்புக்கில் நேற்று இருந்த தொகை இன்றும் அப்படியே இருக்கிறது, அதை நீங்கள் இப்போதே செலவழிக்கவும் முடியும்.

மக்கள் கையில் உள்ள ரொக்கமும் வங்கிகளில் உள்ள வைப்புகளும் சேர்ந்ததைத்தான் பண அளிப்பு என்கிறோம். ரொக்கம் மாறாமல் வைப்பு மட்டும் 10 லட்சம் கூடியிருப்பதால், நாட்டின் பண அளிப்பும் அந்தக் கணத்தில் 10 லட்சம் கூடிவிட்டது. வைப்பு முதலில் வந்து கடன் பின்னால் போனது என்று நாம் வழக்கமாகச் சொல்லும் வரிசைக்கு மாறாக, இங்கே கடனே வைப்பைப் பிறப்பித்திருக்கிறது.

அப்ப வங்கி இஷ்டத்துக்கு எழுதிக்கிட்டே போகலாமா? தடுக்க எதுவுமே இல்லையா?

தடை இருக்கிறது. கடன் வாங்கியவர் அந்தப் பணத்தைச் செலவழிக்கும்போது அது தெரியவரும். மதுரையில் ஒருவர் வீடு வாங்க முதல் வங்கியில் 40 லட்சம் கடன் பெறுகிறார், வீட்டை விற்றவருக்கு இரண்டாம் வங்கியில் கணக்கு இருக்கிறது. பத்திரப் பதிவு நாளன்று ஆர்டிஜிஎஸ் மூலம் தொகை அனுப்பப்படும்போது, ரிசர்வ் வங்கியில் முதல் வங்கி வைத்திருக்கும் நடப்புக் கணக்கிலிருந்து 40 லட்சம் குறைந்து, இரண்டாம் வங்கியின் நடப்புக் கணக்கில் 40 லட்சம் கூடுகிறது. இந்த நடப்புக் கணக்கு இருப்பைத்தான் கையிருப்பு என்கிறோம். முதல் வங்கி தானே எழுதி உருவாக்கிய பணத்தைக் கொண்டு இன்னொரு வங்கிக்குக் கணக்கைத் தீர்க்க முடியாது, அதற்கு ரிசர்வ் வங்கியின் பணம் வேண்டும். எனவே அது புதிய வைப்புகளைத் திரட்ட வேண்டும், அல்லது மற்ற வங்கிகளிடம் ஓரிரவுக் கடன் வாங்க வேண்டும், அல்லது தன்னிடமுள்ள அரசுப் பத்திரங்களை விற்க வேண்டும். எதைச் செய்தாலும் அதற்கு ஒரு செலவு உண்டு. "டெபாசிட் வந்தால்தான் கடன் கொடுக்க முடியும்" என்று கிளை மேலாளர்கள் சொல்வது இந்த அனுபவத்திலிருந்து வருவதுதான். தனியொரு வங்கியின் நிலையிலிருந்து பார்த்தால் அது சரியான பேச்சே.

வங்கிகள் அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். முதல் வங்கி இழந்த 40 லட்சம் கையிருப்பு இரண்டாம் வங்கியிடம் இருக்கிறது, அது எங்கும் போய்விடவில்லை. புதிதாகப் பிறந்த 40 லட்சம் வைப்புக்காக ஒட்டுமொத்த வங்கித் துறைக்குக் கூடுதலாகத் தேவைப்படும் கட்டாயக் கையிருப்பு, 3 சதவீத விகிதத்தில், 1.2 லட்சம் மட்டுமே. ஒரு வங்கிக்கு 40 லட்சமாகத் தெரியும் தேவை துறை முழுவதற்கும் 1.2 லட்சமாகச் சுருங்கிவிடுகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற சந்தேகங்களில் பாதி தீர்ந்துவிடும்.

சிஆர்ஆர் சிஆர்ஆர்னு சொல்றாங்களே, அந்தப் பணம் எங்க இருக்கு? டெபாசிட் வந்த உடனே எடுத்து வெச்சிடணுமா?

ரொக்க இருப்பு விகிதம், அதாவது சிஆர்ஆர், என்பது வங்கி தன் வைப்புப் பொறுப்புகளில் எத்தனை சதவீதத்தை ரிசர்வ் வங்கியிலுள்ள நடப்புக் கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்ற விதி. 2025 நவம்பர் 29 முதல் அது 3 சதவீதமாக இருக்கிறது. பெயரில் ரொக்கம் என்று இருந்தாலும், இது கிளையின் இரும்புப் பெட்டகத்தில் இருக்கும் நோட்டுக்கட்டு அல்ல. இந்த இருப்புக்கு வட்டியும் கிடையாது.

ஒவ்வொரு 100 ரூபாய் டெபாசிட் வந்தவுடனும் 3 ரூபாயைப் பிரித்து வைப்பதாகப் பலர் கற்பனை செய்துகொள்கிறார்கள். நடைமுறை வேறு. சில வாரங்களுக்கு முன்பு இருந்த பொறுப்பின் அளவைக் கொண்டு இப்போதைய தேவை கணக்கிடப்படுகிறது, ஏறத்தாழ இரண்டு வாரக் காலத்தின் சராசரியாக அதை நிறைவு செய்தால் போதும், எந்த ஒரு நாளிலும் தேவையில் 90 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. அதாவது இன்று கொடுத்த கடனால் பிறந்த வைப்புக்கான கையிருப்பை வங்கி பின்னர்தான் திரட்டுகிறது. கடன் முன்னே, கையிருப்பு பின்னே என்ற வரிசை விதியின் அமைப்பிலேயே இருக்கிறது.

பாடப்புத்தகத்துல வர்ற 1000 ரூபாய் கணக்கு என்ன சொல்லுது?

சிஆர்ஆர் 4 சதவீதம் என்று கொள்ளுங்கள். ஒருவர் 1000 ரூபாய் ரொக்கத்தை வங்கியில் போடுகிறார். வங்கி 40 ரூபாயை நிறுத்திக்கொண்டு 960ஐக் கடனாகத் தருகிறது. அது செலவாகி வேறொரு வங்கியில் வைப்பாகிறது. அந்த வங்கி 38.40ஐ நிறுத்திக்கொண்டு 921.60ஐக் கடனாகத் தருகிறது. இப்படியே தேய்ந்துகொண்டே போகும் தொடரின் கூட்டுத்தொகை 25,000 ரூபாய். சூத்திரமாக எழுதினால்:

```
m = 1 / r = 1 / 0.04 = 25
```

இதுதான் எளிய பணப் பெருக்கி. கணிதத்தில் பிழை இல்லை. ஆனால் மூன்று அனுமானங்களை இது சொல்லாமலே உள்ளே வைத்திருக்கிறது. யாரும் ஒரு ரூபாயைக்கூட ரொக்கமாகக் கையில் வைத்துக்கொள்வதில்லை என்பது ஒன்று. எந்த வங்கியும் கட்டாயத்துக்கு மேல் கையிருப்பு வைப்பதில்லை, கடன் கேட்பவர்களும் எப்போதும் வரிசையில் நிற்கிறார்கள் என்பது இன்னொன்று. கையிருப்பின் மொத்த அளவை ரிசர்வ் வங்கி முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு அசையாமல் இருக்கிறது என்பது மூன்றாவது. நடைமுறையில் இந்த மூன்றுமே நிற்பதில்லை.

சரி, கணக்குல 25 மடங்கு. நிஜத்துல எத்தனை மடங்கு இருக்கு?

2019 மார்ச் இறுதியை எடுத்துக்கொள்வோம். அப்போது சிஆர்ஆர் 4 சதவீதம், ஆகவே 1000 ரூபாய் கணக்கோடு நேராக ஒப்பிடலாம். எம்3 எனப்படும் பரந்த பண அளிப்பு சுமார் 154 லட்சம் கோடி ரூபாய். ரிசர்வ் வங்கி வெளியிட்ட அடிப்படைப் பணம், அதாவது புழக்கத்திலுள்ள நோட்டு நாணயமும் வங்கிகளின் நடப்புக் கணக்கு இருப்பும் சேர்ந்தது, சுமார் 27.7 லட்சம் கோடி. முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 5.6.

சூத்திரம் சொன்னது 25. அதில் நான்கில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

25 எப்படி 5.6 ஆச்சு? நடுவுல பணம் எங்க போச்சு?

பெரும்பகுதி மக்களின் கைக்குப் போயிற்று. 2019 மார்ச்சில் மக்களிடம் இருந்த ரொக்கம் சுமார் 20.5 லட்சம் கோடி, வைப்புகள் சுமார் 133.5 லட்சம் கோடி. அதாவது வங்கியில் இருக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 15 காசுக்குச் சற்று மேலாக நாம் ரொக்கமாக வைத்திருக்கிறோம். கடன் வாங்கிக் கட்டடம் கட்டுபவர் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமைச் சம்பளத்தை ரொக்கமாகக் கொடுக்கிறார், அதில் ஒரு பகுதி மளிகைக் கடைக்கும் சந்தைக்கும் போய்க் கைமாறிக்கொண்டே இருக்கிறது. அப்படி வெளியே நிற்கும் பணம் எந்த வங்கிக்கும் அடுத்த சுற்றுக் கடனுக்கான கையிருப்பாக ஆகாது. இந்தக் கசிவையும் சேர்த்த சூத்திரம் இது:

```
m = (1 + c) / (c + r)
```

இதில் c என்பது ரொக்கத்தை வைப்பால் வகுத்த விகிதம், r என்பது கையிருப்பை வைப்பால் வகுத்த விகிதம். c = 0.154 என்றும் r = 0.04 என்றும் இட்டால், 1.154ஐ 0.194 ஆல் வகுக்க 5.9 வருகிறது. ரொக்கம் என்ற ஒரே கசிவைச் சேர்த்ததும் 25 இவ்வளவு தூரம் இறங்கிவிடுகிறது. மிச்சமுள்ள சிறு இடைவெளிக்குக் காரணம், வங்கிகள் ஏடிஎம்மிலும் பெட்டகத்திலும் வைத்திருக்கும் நோட்டும், ரிசர்வ் வங்கியில் கட்டாயத்துக்கு மேல் வைத்திருந்த இருப்பும். அவற்றையும் சேர்த்தால் r ஏறத்தாழ 0.05 ஆகி, உண்மையான எண்ணுக்கு மிக அருகில் வந்துவிடுகிறோம்.

இந்தக் கணக்கை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்க்குமாறு மாணவர்களிடம் எப்போதும் சொல்வேன். c பெரிதாகவும் r சிறிதாகவும் இருக்கும் நாட்டில், r ஐக் கொஞ்சம் அசைத்தாலும் விடை அதிகம் நகர்வதில்லை என்பது கையால் போட்டுப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது.

எஸ்எல்ஆரையும் சேர்த்துத்தானே கழிக்கணும்? எங்க புத்தகத்துல சிஆர்ஆர் கூட்டல் எஸ்எல்ஆர்னு போட்டிருக்கே?

எஸ்எல்ஆர் என்பது வங்கி தன் வைப்புப் பொறுப்புகளில் ஒரு பங்கை அரசுப் பத்திரம் போன்ற எளிதில் பணமாகும் சொத்துகளில் வைத்திருக்க வேண்டும் என்ற விதி. பள்ளிப் பாடங்களில் இரண்டையும் கூட்டிச் சட்டப்படியான இருப்பு விகிதம் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. 2019 மார்ச்சில் எஸ்எல்ஆர் 19.25 சதவீதம். கூட்டினால் 23.25 சதவீதம், அதன்படி பெருக்கி 4.3. ஆனால் உண்மையான எண் 5.6 என்று மேலே பார்த்தோம். உச்சவரம்பு என்று சொல்லப்பட்ட எண்ணையே உண்மை தாண்டி நிற்கிறது என்றால், கூட்டியதில் தவறு இருக்கிறது என்று பொருள்.

தவறு இதுதான். எஸ்எல்ஆருக்காக வங்கி பெரும்பாலும் அரசுப் பத்திரங்களை வாங்குகிறது. அரசு அந்தப் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, சம்பளமாகவும் ஓய்வூதியமாகவும் ஒப்பந்தக்காரர்களுக்கான தொகையாகவும் செலவழிக்கிறது. அது மீண்டும் வங்கிகளில் வைப்பாகிறது. ஆகவே பத்திரம் வாங்குவது அரசுக்குக் கடன் கொடுப்பதே, கசிவு அல்ல. எஸ்எல்ஆர் கடன் யாருக்குப் போகிறது என்பதை மாற்றுகிறதே தவிர, பணம் உருவாவதை சிஆர்ஆரைப் போல மட்டுப்படுத்துவதில்லை.

அப்ப ரொக்கத்தைச் சேர்த்த அந்தச் சூத்திரம் சரின்னு வெச்சுக்கலாம்ல?

அது எப்போதும் சரியாகத்தான் வரும், ஏனென்றால் அது ஒரு முற்றொருமை. எம்3ஐ அடிப்படைப் பணத்தால் வகுத்துவிட்டு, அதே வகுத்தலை c, r என்ற உறுப்புகளாகப் பிரித்து எழுதியிருக்கிறோம். நடந்து முடிந்ததை அது விவரிக்கிறது. நாளை ரிசர்வ் வங்கி 1 லட்சம் கோடி கையிருப்பை வெளியிட்டால் பண அளிப்பு 5.6 லட்சம் கோடி கூடும் என்று அதிலிருந்து முடிவுக்கு வர முடியாது. c ஐ மக்கள் தீர்மானிக்கிறார்கள், r இன் ஒரு பகுதியை வங்கிகள் தீர்மானிக்கின்றன, இரண்டுமே காலத்துக்கேற்ப மாறும். அடிப்படைப் பணத்தைக் கூட்டும் அதே சூழ்நிலை இவ்விரண்டையும் கூட்டிவிட்டால், பெருக்கி அங்கேயே சுருங்கிவிடும்.

2020இல் கொரோனா வந்தப்ப சிஆர்ஆரைக் குறைச்சாங்களே, அப்ப பணம் பெருகியிருக்கணுமே?

இந்தச் சோதனையை வரலாறே நமக்காகச் செய்து காட்டியிருக்கிறது. 2020 மார்ச் 28 முதல் சிஆர்ஆர் 4 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இதனால் வங்கிகளுக்கு 1,37,000 கோடி ரூபாய் விடுபடும் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. எளிய பெருக்கியை நம்பினால், 3 சதவீதத்துக்கான 33 மடங்கில் சுமார் 45 லட்சம் கோடி புதிய பணம் உருவாகியிருக்க வேண்டும்.

என்ன நடந்தது? 2020 ஏப்ரல் 15 அன்று மட்டும் வங்கிகள் ரிவர்ஸ் ரெப்போ வழியாக ரிசர்வ் வங்கியிடமே திரும்பக் கொடுத்து வைத்திருந்த தொகை 6.9 லட்சம் கோடி. இரண்டு நாள் கழித்து, அப்படி வைப்பது அவ்வளவு லாபமாக இருக்கக் கூடாது என்று ரிவர்ஸ் ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 3.75ஆகக் குறைக்கப்பட்டது. அதன் பிறகும் 2020-21 முழு ஆண்டில் வணிக வங்கிகளின் கடன் சுமார் 5.6 சதவீதம் மட்டுமே வளர்ந்தது, அதற்கு முந்தைய ஆண்டின் 6.1 சதவீதத்தைவிடக் குறைவு. ரூபாயில் சொன்னால் கூடிய கடன் 6 லட்சம் கோடிக்கும் உட்பட்டது. எம்3 12 சதவீதம் அளவுக்கு வளர்ந்தது உண்மைதான், ஆனால் அதற்கு அரசு கடன் வாங்கிச் செலவழித்ததும், வங்கிகள் பத்திரங்களை வாங்கிக் குவித்ததும், ரிசர்வ் வங்கி டாலர் வாங்கியதும் பெரும் காரணங்கள்.

பெருக்கியோ 2020 மார்ச்சில் இருந்த 5.5இலிருந்து 2021 மார்ச்சில் 5.2 அளவுக்கு இறங்கியது. அந்த ஆண்டு முழுவதும் ஏறக்குறைய குறைந்த சிஆர்ஆர்தான் நடப்பில் இருந்தது, 2021 மார்ச் 27 அன்றுதான் 3.5ஆக உயர்த்தப்பட்டது. ஆனாலும் மக்கள் அச்சத்தில் ரொக்கத்தைக் கையில் சேர்த்து வைத்தார்கள், புழக்கத்திலிருந்த நோட்டு ஓராண்டில் சுமார் 17 சதவீதம் கூடியது. முந்தைய விடையில் சொன்ன c தான் இங்கே வேலை செய்திருக்கிறது.

வங்கிக்கிட்ட அவ்வளவு பணம் இருந்தும் ஏன் கடன் கொடுக்காம ரிசர்வ் வங்கியிலேயே போட்டு வெச்சுது?

இந்தக் கேள்விக்குள் ஒரு குழப்பம் இருக்கிறது, முதலில் அதைப் பிரித்துவிட வேண்டும். கையிருப்பு வங்கிகளுக்கு இடையே மட்டும் புழங்குவது. மதுரை வீட்டுக் கடனில் பார்த்ததுபோல, கடன் கொடுத்தால் அது ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு நகரும், ரிசர்வ் வங்கியைவிட்டு வெளியேறாது. மக்கள் ரொக்கமாக எடுத்தாலோ, ரிசர்வ் வங்கியே உறிஞ்சினாலோ, அரசின் கணக்குக்குப் பணம் போனாலோதான் வங்கிகளின் மொத்தக் கையிருப்பு குறையும். ஆகவே எல்லா வங்கிகளும் தாராளமாகக் கடன் கொடுத்திருந்தாலும், அந்த உபரியின் பெரும்பகுதி மாலையில் யாரோ ஒரு வங்கியின் பெயரில் ரிசர்வ் வங்கியிலேதான் இருந்திருக்கும்.

கடன் ஏன் கூடவில்லை என்பதற்கான விடை வேறு இடத்தில் இருக்கிறது. பொது முடக்கத்தின்போது ஆலை மூடியிருக்க, புதிய இயந்திரம் வாங்கக் கடன் கேட்க யாரும் வரவில்லை. கேட்டு வந்தவர்களில் பலருடைய வருமானத்தை வங்கிகள் நம்பவில்லை. இன்னொரு தடை மூலதனம். இந்தியாவில் வங்கிகள் இடர் எடையிட்ட சொத்துக்கு 9 சதவீத மூலதனமும், அதன் மேல் 2.5 சதவீதப் பாதுகாப்பு மூலதனமும், ஆக மொத்தம் 11.5 சதவீதம் வைத்திருக்க வேண்டும் என்பது முழு அளவிலான விதி. 100 சதவீத இடர் எடை கொண்ட ஒரு தொழில் கடனில் 100 ரூபாய் கொடுத்தால் 11.50 ரூபாய் மூலதனம் அதன் பின்னால் நிற்க வேண்டும். அதே 100 ரூபாயை மத்திய அரசின் பத்திரத்தில் போட்டால் கடன் இடருக்கான எடை பூஜ்யம். கையிருப்பு குவிந்து கிடந்தாலும் மூலதனம் இறுக்கமாக இருக்கும் வங்கி கடனை விரிக்காது. 1/r சூத்திரத்தில் கடன் கேட்பவருக்கும் இடமில்லை, மூலதனத்துக்கும் இடமில்லை.

அப்ப கையிருப்பு கடனைத் தீர்மானிக்குதா, கடன் கையிருப்பைத் தீர்மானிக்குதா?

சாதாரண நாட்களில் இரண்டாவதுதான். இன்றைய ரிசர்வ் வங்கி கையிருப்பின் அளவை நிர்ணயித்துவிட்டு வட்டியை அதன் போக்கில் விடுவதில்லை. வங்கிகளுக்குத் தான் குறுகிய காலக் கடன் தரும் ரெப்போ வட்டியை அறிவித்துவிட்டு, வங்கிகள் தங்களுக்குள் ஓரிரவுக்கு வாங்கிக்கொள்ளும் கடனின் வட்டி அதை ஒட்டியே இருக்குமாறு கையிருப்பைக் கூட்டியும் குறைத்தும் தருகிறது. நாட்டில் கடனும் வைப்பும் வளர்ந்து சிஆர்ஆருக்கும் ரொக்கத்துக்குமான தேவை கூடினால், ஓரிரவு வட்டி ஏறத் தொடங்கும். அப்போது ரிசர்வ் வங்கி ரெப்போ ஏலம் நடத்தியோ பத்திரம் வாங்கியோ தேவையான கையிருப்பைத் தருகிறது. தராவிட்டால் தான் அறிவித்த வட்டியைத் தானே காப்பாற்ற முடியாமல் போகும். இங்கிலாந்து வங்கி 2014இல் தன் காலாண்டு இதழில் இந்த வரிசையை வெளிப்படையாக விளக்கி, மத்திய வங்கி கையிருப்பின் அளவைக் கொண்டு கடனைக் கட்டுப்படுத்துகிறது என்ற பாடப்புத்தக விளக்கம் இன்றைய நடைமுறைக்குப் பொருந்தாது என்று எழுதியது.

இதிலிருந்து மத்திய வங்கிக்குப் பிடியே இல்லை என்று சிலர் எதிர்முனைக்குத் தாவிவிடுகிறார்கள், அதுவும் தவறு. பிடி விலையில் இருக்கிறது. ரெப்போ ஏறினால் வங்கிக்கு நிதி திரட்டும் செலவு ஏறும், கடன் வட்டி ஏறும், கடன் கேட்பவர்கள் குறைவார்கள், பணம் உருவாகும் வேகமும் தளரும்.

சிஆர்ஆர் பூஜ்யம் ஆனா 1ஐ பூஜ்யத்தால வகுக்கணும், பணம் முடிவில்லாம ஆயிடுமா?

அமெரிக்காவில் 2020 மார்ச் 26 முதல் கட்டாய இருப்பு விகிதம் பூஜ்யம்தான். கனடாவில் 1990களிலேயே அது நீக்கப்பட்டுவிட்டது. எங்கும் பண அளிப்பு முடிவிலியை நோக்கிப் போகவில்லை. விதி இல்லாவிட்டாலும் வங்கிகள் ஒன்றுக்கொன்று கணக்குத் தீர்க்கவும் ரொக்கம் கேட்டு வருபவர்களுக்குக் கொடுக்கவும் கையிருப்பு தேவைப்படுகிறது. மூலதன விதி அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு கடனிலும் வாராக்கடன் ஆகும் அபாயத்தைக் கழித்த பிறகு லாபம் மிஞ்ச வேண்டும். இவையே உண்மையான வேலிகள்.

பணமதிப்பிழப்பு நேரத்துல எல்லா ரொக்கமும் வங்கிக்கு வந்துச்சே. c குறைஞ்சா பெருக்கி ஏறணும், கடனும் ஏறணும்ல?

பெருக்கி ஏறியது, கடன் ஏறவில்லை. 2016 நவம்பர் 8 அன்று செல்லாது என அறிவிக்கப்பட்ட 500, 1000 ரூபாய் நோட்டுகளின் மதிப்பு சுமார் 15.4 லட்சம் கோடி. அவை வங்கிக்குத் திரும்பியபோது மக்களின் ரொக்கம் குறைந்து வைப்பு கூடியது. இது பணத்தின் வடிவம் மாறியது மட்டுமே, எம்3க்குள் ஒரு சட்டைப் பையிலிருந்து இன்னொரு பைக்குப் போனதுபோல. வகுத்தலின் கீழே இருந்த அடிப்படைப் பணம் சுருங்கியதால் விகிதம் பெரிதாகத் தெரிந்தது.

வங்கிகளில் குவிந்த உபரியைச் சமாளிக்க, 2016 செப்டம்பர் 16க்கும் நவம்பர் 11க்கும் இடையே கூடிய வைப்பு முழுவதற்கும், அதாவது 100 சதவீதத்துக்கும், கூடுதல் சிஆர்ஆர் வைக்குமாறு ரிசர்வ் வங்கி சொன்னது. டிசம்பர் 10 அன்று அது விலக்கப்பட்டது. விலக்கப்பட்ட பின்னும் கடன் பெருகவில்லை, வியாபாரம் முடங்கியிருந்த அந்த மாதங்களில் கடன் தேவையே தளர்ந்திருந்தது. விகிதம் ஏறுவதை வைத்துப் பணம் உருவாகும் வேகத்தை அறிய முடியாது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று நம் நாட்டில் கிடைப்பது கடினம்.

கடனைத் திருப்பிக் கட்டினா அந்தப் பணம் என்ன ஆகும்?

அழிந்துவிடும். அசலைக் கட்டும்போது உங்கள் சேமிப்புக் கணக்கிலும் கடன் கணக்கிலும் ஒரே தொகை ஒரே நேரத்தில் குறைகிறது, முதல் விடையில் பார்த்த இரண்டு பதிவுகளும் தலைகீழாக எழுதப்படுகின்றன. வட்டி வங்கியின் வருமானமாகிறது. அதை ஊழியர் சம்பளமாகவோ வைப்பாளர் வட்டியாகவோ வங்கி கொடுக்கும்போது மீண்டும் வைப்பாகிறது, கொடுக்காமல் நிறுத்திக்கொண்ட பகுதி மூலதனமாகிறது. ஓர் ஆண்டில் பண அளிப்பு கூடுகிறதா என்பது, புதிதாகக் கொடுத்த கடன் திரும்பக் கட்டிய கடனைவிட எவ்வளவு அதிகம் என்பதைப் பெரிதும் பொறுத்தது.

பரிட்சையில 1/r கேட்டா என்ன எழுதுறது?

கேட்ட கணக்கைச் செய்து விடையை எழுதுங்கள். அதன் கீழே, இது ரொக்கக் கசிவும் உபரிக் கையிருப்பும் இல்லை என்று கொண்ட உச்ச அளவு என்று ஒரு வாக்கியம் சேருங்கள். விளக்க வினாவாக இருந்தால் (1 + c) / (c + r) வடிவத்தையும் தந்து, c எப்படி விடையைக் குறைக்கிறது என்று ஓர் எண்ணால் காட்டுங்கள். கையிருப்பு கடனுக்குப் பின்னால் வருகிறது என்பதை இரண்டு வரியில் எழுதினால் போதும்.

இந்த விகிதத்தை நானே கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். அடிப்படைப் பணத்தின் அளவை வாரந்தோறும், பண அளிப்பின் அளவை ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு ஒருமுறையும் ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. இரண்டும் ஒரே தேதிக்கு உரியவையா என்று முதலில் பாருங்கள். மார்ச் 31ஐத் தவிர்ப்பது நல்லது, ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாளில் வைப்பும் கையிருப்பும் இயல்புக்கு மேல் வீங்கியிருக்கும். மேலே நான் மார்ச் எண்களைப் பயன்படுத்தியதற்குக் காரணம், ஆண்டுக்கு ஆண்டு ஒரே நாளை ஒப்பிட வேண்டியிருந்ததுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வங்கிகள் ரிவர்ஸ் ரெப்போவிலும், 2022 ஏப்ரலில் தொடங்கப்பட்ட எஸ்டிஎஃப் வசதியிலும் போட்டு வைக்கும் தொகை, வங்கிகளைப் பொறுத்தவரை கையிருப்பைப் போன்றதே என்றாலும், அடிப்படைப் பணத்தின் கணக்கில் சேர்வதில்லை. 2020இல் விடுபட்ட சிஆர்ஆர் பணம் ரிவர்ஸ் ரெப்போவுக்குப் போனபோது, அது வகுத்தலின் கீழ்ப்பகுதியிலிருந்து மறைந்தது. ஆகவே வெளியிடப்படும் அடிப்படைப் பணத்தோடு அந்தத் தொகையையும் கூட்டி இன்னொரு முறை வகுத்துப் பாருங்கள். உபரி அதிகமாக இருக்கும் மாதங்களில் இரண்டு விடைகளுக்கும் இடையே இடைவெளி விரியும், பற்றாக்குறை மாதங்களில் ஒட்டிக்கொள்ளும்.